நூற்று இருபதாம் நாளில் மறைந்த பதிவு

டீம்ஸில் நான் நடத்திய பயிற்சிக் கூட்டத்தின் பதிவை ஒருவர் நாலரை மாதம் கழித்துக் கேட்டார். இணைப்பு திறக்கவில்லை. பதிவு என் ஒன்டிரைவில் `Recordings` கோப்புறையில் இருந்திருக்க வேண்டும்; அங்கும் இல்லை. யாரும் அழிக்கவில்லை. நிர்வாகி மாற்றாவிட்டால் டீம்ஸ் பதிவின் ஆயுள் 120 நாள்தான். நல்லவேளையாக மறுசுழற்சித் தொட்டியில் கிடந்தது. மீட்டதும் காலாவதித் தேதி நீங்கிவிட்டது.

அதைப் பார்த்தபோது வேறொரு தவறு கண்ணில் பட்டது. பதிவு செய்வதாகத் தொடக்கத்தில் ஒருமுறைதான் சொல்லியிருக்கிறேன். பத்து நிமிடம் தாமதமாக வந்தவர் தம் சம்பள விவரத்தைத் தயங்காமல் பேசுகிறார். திரையில் அறிவிப்புப் பட்டை வந்திருக்கும். அதை யார் படிக்கிறார்கள்? அவரிடம் சொல்லி, அந்தப் பகுதியை வெட்டிய பிறகே அனுப்பினேன்.

இப்போது அழைப்பிதழிலேயே எழுதிவிடுகிறேன்: “இக்கூட்டம் பதிவாகும், என் ஒன்டிரைவில் 60 நாள் இருக்கும், பங்கேற்றோர் மட்டும் பார்க்கலாம்.” பதிவுப் பொத்தானை அழுத்திய பின் மீண்டும் சொல்கிறேன்; அப்போது அறிவிப்பும் பதிவிலேயே இருக்கும். தாமதமாக வருபவருக்குத் தனியாக ஒரு வரி. கூட்டம் முடிந்ததும் கோப்பின் விவரங்களில் காலாவதித் தேதியை 60 நாளாக மாற்றிவிடுகிறேன்.