'என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே' என்று எழுதாதீர்கள்

கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் பல வருடம் ஸ்டோர்ஸ் மேனேஜராக இருந்தேன். ஒருநாள் என்னிடம் வேலை பார்த்த தம்பி ஒருவர் கடிதம் நீட்டினார். பர்ச்சேஸ் பிரிவில் ஒரு இடம் காலி, அதற்குப் போக வேண்டும். கடிதம் மொத்தமே நாலு வரி: "என்னைப் பற்றி உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஏழு வருடமாக நேர்மையாக உழைக்கிறேன். பர்ச்சேஸில் இடம் இருப்பதாக அறிந்தேன். தந்து உதவவும்."

எனக்குத் தெரியும்தான், ஆனால் முடிவு எடுப்பது நான் மட்டும் இல்லையே. என் கையெழுத்தோடு அது பர்ச்சேஸ் தலைவரிடம் போகும், பிறகு மனிதவளப் பிரிவுக்குப் போகும். அங்கே அவரைப் பற்றி இருப்பது சேர்ந்த தேதி, லீவு கணக்கு, வருடாந்திர மதிப்பீட்டில் ஒரு கிரேடு. நான் என்ன சொல்லி அவரைச் சிபாரிசு செய்வது? தெரிந்தவருக்கு எழுதும்போது நாம் மறப்பது இதைத்தான். கடிதத்தை வாங்குபவர் நம்மை அறிந்தவர், ஆனால் அதை வைத்து அவர் பேச வேண்டியது நம்மை அறியாதவர்களிடம்.

இன்னொன்றும் உண்டு. எனக்குத் தெரிந்தது ஸ்டோர்ஸில் வந்த பொருளை எண்ணி, பெற்றுக்கொண்டதற்கு ஜி.ஆர்.என். என்ற ரசீது போடும் ஆளை. அவர் பர்ச்சேஸ் வேலையும் செய்வார் என்பதற்கு என்னிடமே சான்று கைவசம் இல்லை. உட்காரவைத்துப் பேசினேன். "மெக்கானிக்கல் சீல் விஷயம் ஞாபகம் இருக்கா சார்?" என்றார். அப்போதுதான் எனக்கே நினைவு வந்தது.

பம்பில் கசிவைத் தடுக்கும் அந்த சீல் எங்களுக்கு நாளுக்கு 40 செலவாகும். இருப்பு 600-க்கு வந்தால் ஆர்டர் போடுவது பழைய ஏற்பாடு. சப்ளையர் பத்து நாளில் அனுப்பிய காலத்துக்கு அது சரி: பத்து நாளுக்கு 400, கையிருப்பாக 200. பிறகு அவர் அனுப்ப 21 நாள் ஆனது. 600 சீல் 15 நாளில் தீர்ந்துவிடும், மீதி ஆறு நாள் லைன் நிற்கும். தம்பி பழைய பில்களைப் புரட்டி இதைக் கண்டுபிடித்து, 21 நாளுக்கு 840, கையிருப்பு 200 என்று 1,040-ல் ஆர்டர் போட வைத்தார். இது முழுக்க பர்ச்சேஸ் மூளை. ஆனால் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை! "உங்களுக்குத் தெரியும்னு விட்டுட்டேன் சார்" என்றார்.

திருத்திய கடிதத்தில் அந்தக் கணக்கு மூன்று வரியில் வந்தது. பொருள் என்ற இடத்தில் 'பணிமாற்றம் கோருதல்' என்று பொதுவாக எழுதாமல், எந்தப் பிரிவில் எந்தப் பதவி என்று எழுதினார். தான் போனால் ஸ்டோர்ஸில் யார் பார்ப்பது என்பதையும் சொன்னார்: ஒரு மாதம் கூட இருந்து இன்னாருக்குச் சொல்லித் தருகிறேன் என்று. உண்மையைச் சொல்கிறேன், மேலாளர் நல்ல ஆளை விடத் தயங்குவது பெரும்பாலும் இந்தப் பயத்தால்தான்.

திருத்தி எழுதியபோது புதிதாகச் சேர்த்ததில் நான் நீக்கச் சொன்னது ஒரு வரி. "எனக்குப் பிறகு சேர்ந்தவருக்கே பதவி உயர்வு கிடைத்துவிட்டது." அந்த உயர்வுக்குக் கையெழுத்துப் போட்டது நான். அந்த வரி 'நீங்கள் செய்தது தப்பு' என்று என்னிடமே சொல்கிறது. ஆதங்கம் நியாயமாகவே இருக்கலாம். அதை நேரில் தனியாகப் பேசலாம். விண்ணப்பத்தில் வைத்தால் படிக்கிறவர் தன் முடிவுக்கு நியாயம் தேட ஆரம்பித்துவிடுவார்.

நம் தவறுகளும் தெரிந்தவருக்குத் தெரியும். முந்தின வருடம் ஸ்டாக் எடுத்தபோது இவருடைய பகுதியில் கணக்கு உதைத்தது. அதைப் பற்றி மூச்சே விடாமல் 'பிழையின்றிப் பணியாற்றினேன்' என்று எழுதியிருந்தால் மற்ற வரிகளையும் சந்தேகத்தோடுதான் படித்திருப்பேன். அதன் பிறகு வாரம் ஒருமுறை, ஒவ்வொரு பொருளின் வரவு செலவையும் குறித்துவைக்கும் பின் கார்டோடு இருப்பைச் சரிபார்ப்பதாக ஒரே வரி எழுதினார். அது போதும், மன்னிப்புப் படலம் தேவையில்லை.

குடும்பக் காரணத்துக்காக ஊர் மாற்றம் கேட்பவர்கள் அதை நேராகச் சொல்லிவிடுவதே நல்லது. ஆனால் அதையே பதவி உயர்வுக்கும் காரணமாக்கினால் இரண்டு கோரிக்கையும் வலுவிழக்கும்.

அப்புறம், வரிசை. சிலர் போகப்போகும் பிரிவின் தலைவரிடம் முதலில் பேசி முடித்துவிடுவார்கள். சொந்த மேலாளருக்கு விஷயம் கேன்டீனில் தெரியவரும். விண்ணப்பம் அவர் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும் என்றால், அதற்குப் பிறகு அது அங்கேயே கிடக்கும். தம்பி என்னிடம்தான் முதலில் வந்தார். ஆனால் வாய்ப்பேச்சோடு விட்டுவிடவில்லை, தேதியிட்டுக் கொடுத்து நகலில் என் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

இடம் கிடைத்தது. பர்ச்சேஸுக்குப் போய் இரண்டாவது மாதமே, பொருள் வாங்கச் சொல்லி நான் அனுப்பிய இண்டெண்டை, விவரம் போதவில்லை என்று திருப்பி அனுப்பினார்.