கால் கட்டைவிரல் மேல்நோக்கி மடங்கிவிட்டதா? டேப் போடும் முறை

கட்டாந்தரையில் வெறுங்காலோடு கபடி ஆடுகிறார் ஒருவர். கட்டைவிரலை ஊன்றிப் பாயும் நேரத்தில், பின்னாலிருந்து பிடித்தவர் அவருடைய குதிகாலின் மேல் விழுகிறார். தரையில் பதிந்த விரல் அளவுக்கு மீறி மேல்நோக்கி வளைய, அதன் அடிமூட்டுக்குக் கீழே உள்ள தசைநார்கள் இழுபட்டுவிடுகின்றன. சில நேரம் கிழிந்தும் போகின்றன. இந்தக் காயத்துக்கு ‘டர்ஃப் டோ’ என்று பெயர். செயற்கைப் புல்தரையில் ஆடிய அமெரிக்கக் கால்பந்து வீரர்களிடம் அதிகம் தென்பட்டதால் 1976இல் இப்பெயர் வந்தது.

முதல் இரண்டு நாள்: துணியில் சுற்றிய ஐஸை ஒரு முறைக்கு 15 நிமிடம், சில மணி நேர இடைவெளியில் வையுங்கள். காலை உயர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் போட்டு உருவி, விரலைச் சொடுக்கி இழுக்கும் வைத்தியம் வேண்டவே வேண்டாம். கிழிந்த நார் அதில் இன்னும் கிழியும்.

மருத்துவரிடம் எப்போது? காலை ஊன்றவே முடியாவிட்டால், உள்ளங்கால் பக்கம் கன்றிக் கறுத்தால், விரல் கோணலாகத் தெரிந்தால், உடனே. அந்த மூட்டின் அடியில் இரண்டு குட்டி எலும்புகள் இருக்கின்றன. அவை இடம் விலகியிருக்கிறதா என்று அறிய, இரு கால்களையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிடுவார்கள். அடியே படாமல் அதே மூட்டு சிவந்து வீங்கினால் அது வேறு கதை. யூரிக் அமிலத்தைப் பரிசோதிக்க வேண்டியிருக்கும்.

டேப்: வீக்கம் வடியத் தொடங்கியபின் போடுங்கள். பலரும் கட்டைவிரலைப் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். அது மேல்நோக்கிய வளைவைச் சரியாகத் தடுக்காது. இழுபடாத விளையாட்டு டேப் வாங்குங்கள். விரலை நேராக, சற்றே கீழ்நோக்கி வைத்துக்கொண்டு, விரலைச் சுற்றி ஒரு பட்டை, பாதத்தின் நடுப்பகுதியைச் சுற்றி ஒரு பட்டை ஒட்டுங்கள். பிறகு விரலின் அடிப்பக்கத்திலிருந்து உள்ளங்கால் வழியாகப் பாதப் பட்டைவரை மூன்று பட்டைகளை ஒன்றின் மேல் ஒன்று பாதி படியும்படி இழுத்து ஒட்டி, இரு முனைகளையும் மறுபடி சுற்றி மூடுங்கள். நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும். திரும்பாவிட்டாலோ, விரல் மரத்தாலோ, உடனே கழற்றுங்கள். இரவில் டேப் வேண்டாம்.

செருப்பு: ஒவ்வொரு அடியிலும் கட்டைவிரல் மடங்குகிறது. அதனால் ஹவாய் செருப்பை ஒதுக்கிவிட்டு, கையால் வளைத்தால் முன்பகுதி எளிதில் வளையாத ஷூவை அணியுங்கள்.

மீண்டும் களத்துக்கு: லேசான இழுப்பு ஓரிரு வாரத்தில் சரியாகலாம். பாதி கிழிசலுக்கு இரண்டு மூன்று வாரமோ அதற்கு மேலோ, முழுக் கிழிசலுக்கு மாதக்கணக்கிலும் ஆகும். நாள்காட்டியை நம்பாமல் விரலைக் கேளுங்கள். கையால் மேலே வளைத்தால் மறு காலைப்போல் வலியின்றி வளைகிறதா? நுனிக்காலில் நிற்க முடிகிறதா? இரண்டும் முடிந்தால் மெதுவோட்டம், பிறகு வேக ஓட்டம். கபடி ஆடுபவர் கடைசியாகத்தான் கட்டைவிரலை ஊன்றிப் பாய்ந்து பார்க்க வேண்டும். மறுநாள் காலையில் மூட்டு வீங்கியிருந்தால் ஒரு படி பின்வாங்குங்கள்.