கோயில் வாசலில் ஒரு பெரியவருக்கு அம்ஹாரிக்கில் வணக்கம் சொல்வது எப்படி

எத்தியோப்பியாவின் ஆர்த்தடாக்ஸ் தேவாலயத்தில் ஞாயிறு காலை வழிபாடு முடிந்து, வெள்ளை நெத்தெலாத் துண்டு போர்த்திய ஒரு பாட்டி வெளியே வருகிறார். அவரிடம் அந்நாட்டு மொழியான அம்ஹாரிக்கில் பேச ஏழெட்டுச் சொற்கள் போதும்.

முதலில் விளி. பாட்டியை ‘இமாமா’ என்றும் தாத்தாவை ‘அபாபா’ என்றும் அழையுங்கள். வயதில் சிறியவர்தான் முந்திக்கொண்டு வணங்க வேண்டும். தலையைத் தாழ்த்தி, வலது கையை நீட்டி, அந்த முழங்கையை இடது கையால் தாங்கிப் பிடித்தால் அதுவே பணிவு. அவர் கன்னத்தை நீட்டினால் மாறி மாறி மூன்று முறை கன்னத்தோடு கன்னம் வைப்பார்கள்.

அப்புறம் வணக்கம்: ‘இந்தெமின் அதெரு, இமாமா?’ இரவை எப்படிக் கழித்தீர்கள் என்று பொருள். ‘அதெரு’வின் த, ‘பந்து’ என்பதில் வருவது போல ஒலிக்கும். பிற்பகலாகிவிட்டால் ‘இந்தெமின் வாலு?’ நோன்பு நாட்களில் வழிபாடு மதியத்துக்குப் பிறகே முடிவதுண்டு, அன்று இதுதான் பொருந்தும்.

புதியவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. நண்பனிடம் கேட்ட ‘அதெர்க்’கைப் பாட்டியிடமும் சொல்லிவிடுவார்கள். அது ‘எப்படி இருக்கே?’ என்று ஒருமையில் கேட்பது மாதிரி. பெரியவர் என்றால் ஆணோ பெண்ணோ ‘அதெரு’தான்.

பாட்டியின் பதில் பெரும்பாலும் ‘இக்ஸியாப்ஹேர் யிமெஸ்கென்.’ கடவுளுக்கு நன்றி என்று பொருள். பேச்சில் ‘இக்ஸேர் யிமெஸ்கென்’ என்று சுருங்கும். உடம்பு சுகமில்லாதவரும் இதைத்தான் முதலில் சொல்வார். அதனால் இதோடு நிறுத்தாமல் தொடர்ந்து கேளுங்கள்.

‘தேனாவோ இந்தேத் நெவ்?’ உடல்நலம் எப்படி?
‘லிஜோச் தெஹ்னா நாச்செவ்?’ பிள்ளைகள் நலமா?

‘தேனா’வின் முதல் எழுத்துக்குத் தமிழில் நிகரில்லை. தொண்டையை ஒரு கணம் அடைத்து, காற்றை வெடித்தாற்போல் விடுகிற த அது. மென்மையாகச் சொன்னாலும் புரிந்துகொள்வார்கள்.

பாட்டி திருப்பி ‘பேத்தெஸெப் தெஹ்னா நெவ்?’ என்று குடும்பத்தைப் பற்றிக் கேட்டால், ‘இக்ஸியாப்ஹேர் யிமெஸ்கென், தெஹ்னா நாச்செவ்’ என்று சொல்லுங்கள்.

இனி பாட்டி சொல்லும் ஆசி. ஆணுக்கு ‘தெபாரெக்’, பெண்ணுக்கு ‘தெபாரெக்கி’. ஆசி பெறு என்று பொருள். சிலர் ‘இத்மேனா தேனா யிஸ்திஹ்’ என்பார்கள்: ஆயுளும் நலமும் கடவுள் உனக்குத் தரட்டும். பெண்ணிடம் ‘யிஸ்திஷ்’. ஆசிக்கு நன்றி சொல்ல வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் தலை தாழ்த்தி ‘ஆமென்’ சொல்லுங்கள். பாட்டி நான்கு ஆசி சொன்னால் நான்கு ‘ஆமென்’. நடுவில் விடைபெறாமல், அவர் கையை விடும்வரை நில்லுங்கள்.