வாங்குவதை நிறுத்திய வாடிக்கையாளருக்குச் செய்தி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈரோட்டில் மரச்செக்கு எண்ணெய் ஆட்டி வீடுகளுக்கு அனுப்பும் தொழிலை நான் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். இதே தொழிலில் புதிதாக இறங்கிய இருவர், சில மாதங்களாக ஆர்டர் தராத வீடுகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பத் தயாரித்த செய்தியைச் சென்ற மாதம் என்னிடம் காட்டினார்கள். “எங்களை மறந்துவிட்டீர்களா? உங்களுக்காக மட்டும் 25 சதவீதத் தள்ளுபடி! இன்று இரவு வரை மட்டுமே!” என்று அதில் இருந்தது. தொடக்கத்தில் நான் அனுப்பிய செய்தியும் ஏறக்குறைய இதே சொற்களில்தான் இருந்தது. பெயரைத் தவறாக எழுதுவது, நள்ளிரவில் அனுப்புவது போன்ற பிழைகளை யாரும் சொல்லாமலேயே திருத்திக்கொள்ளலாம். இங்கே எழுதுவது, சரி என்று நம்பியே நாம் செய்யும் தவறுகளைப் பற்றி.

எல்லா இடைவெளியையும் விலகல் என்று எண்ணுவது

5 லிட்டர் டின்னை ஆறு வாரத்துக்கு ஒருமுறை வாங்கும் வீடும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாங்கும் வீடும் ஒரே பட்டியலில் சேரக்கூடாது. ஒவ்வொரு வீட்டின் பழைய ஆர்டர்களைப் பார்த்து, அவர்களுடைய வழக்கமான இடைவெளியைப்போல் இரண்டு மடங்கு கடந்த பிறகே நான் எழுதுகிறேன். தீபாவளிக்கு முன்பு பலகாரத்துக்கென்று கூடுதலாக வாங்கியவர்களுக்கு அடுத்த இடைவெளி இயல்பாகவே நீளும் என்பதால், அவர்களுக்கு இன்னும் சில வாரங்கள் பொறுத்திருப்பேன். எண்ணெய் தீராத வீட்டுக்கு “உங்களைக் காணவில்லையே” என்று எழுதினால், நாம் அவர்கள் சமையலறையை எட்டிப் பார்ப்பதுபோல் ஆகிவிடும்.

இடைவெளியை அவர்கள் மேல் ஏற்றுவது

“மறந்துவிட்டீர்களா?” என்பது உறவுக்காரர் உரிமையோடு கேட்கும் கேள்வி. பணம் வாங்கிக்கொண்டு பொருள் தருபவர் கேட்டால் அது குற்றச்சாட்டாகிவிடுகிறது. “நீங்கள் வாங்கி 127 நாட்கள் ஆகின்றன” என்று எழுதினால், கணக்கு வைத்துக் கண்காணிக்கிறோம் என்று பொருள்படும். வாக்கியத்தை ‘நீங்கள்’ என்று தொடங்காமல், செயலை நம் பக்கம் வைத்து எழுதினாலே தொனி மாறுகிறது. “நீங்கள் ஏப்ரலுக்குப் பிறகு வாங்கவில்லை” என்பதும் “ஏப்ரலில் உங்கள் வீட்டுக்கு எண்ணெய் அனுப்பினோம், அதன்பின் நாங்களும் விசாரிக்கவில்லை” என்பதும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. ஆனால் இரண்டாவதைப் படிப்பவர் நமக்கு விளக்கம் தர வேண்டியதில்லை.

காரணம் தெரியாமல் தள்ளுபடி கொடுப்பது

இன்றும் எனக்கு ஆற்றாமை தருவது இந்தத் தவறுதான். தொழில் தொடங்கிய இரண்டாம் ஆண்டில், நின்றுபோன ஏறத்தாழ 60 வீடுகளுக்கு ஒரே நாளில் 25 சதவீதத் தள்ளுபடிச் செய்தியை அனுப்பினேன். அன்று மாலையே, ஆறு வாரத்துக்கு ஒரு டின் என்று தவறாமல் வாங்கிவந்த ஓர் ஆசிரியையிடமிருந்து பதில் வந்தது. “போன டின்னில் சிக்கு வாடை அடித்தது. அன்றைக்கே எழுதினேன், யாரும் பதில் சொல்லவில்லை. விலையைக் குறைத்தால் வாடை போய்விடுமா?” என்று கேட்டிருந்தார். பழைய உரையாடலைத் திறந்து பார்த்தபோது அவருடைய புகார் அப்படியே இருந்தது. டெலிவரிக்குப் போகும் பையன் அதைப் படித்துவிட்டு என்னிடம் சொல்ல மறந்திருந்தான். அந்த முறை ஆட்டிய பருப்பு சரியாகக் காயவில்லை, எண்ணெயும் முழுதாகத் தெளிவதற்குள் டின்னில் அடைக்கப்பட்டுவிட்டது என்பதை விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அவருக்கு நான் அனுப்பியிருக்க வேண்டியது மன்னிப்பும் மாற்று டின்னும். நான் அனுப்பியதோ, அதே எண்ணெயைக் குறைந்த விலைக்கு மறுபடியும் வாங்கும்படியான அழைப்பு.

பண இழப்பும் சிறியதன்று. அன்றைய விலையில் டின் 1,600 ரூபாய். பருப்பு, கூலி, டின், வண்டிச் செலவு எல்லாம் சேர்த்து 1,300 ரூபாய் போக, கையில் நின்றது 300 ரூபாய். 25 சதவீதம் என்பது 400 ரூபாய் ஆகையால், திரும்பி வந்த ஒவ்வொருவருக்கும் 100 ரூபாயை நான் கையிலிருந்து போட்டுக் கொடுத்தேன். அப்படி வந்தவர்களில் பெரும்பாலோர் அடுத்த டின்னுக்கும் தள்ளுபடி கேட்டார்கள், இல்லை என்றதும் நின்றுவிட்டார்கள். மாதம் தவறாமல் வாங்கும் ஓர் அம்மா, பக்கத்து வீட்டாரிடம் விஷயத்தைக் கேள்விப்பட்டு, “நிறுத்தினவங்களுக்கு ஒரு விலை, நிறுத்தாத எனக்கு ஒரு விலையா தம்பி?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அதிலிருந்து, செய்தி எழுதுவதற்கு முன்பு ஒவ்வொரு வீட்டின் பழைய உரையாடலையும் படிக்கிறேன். புகார் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்கிறேன். மாற்று எண்ணெயோ பணமோ, எதைக் கேட்டாலும் தருகிறேன், மறுபடி வாங்க வேண்டும் என்ற நிபந்தனை எதையும் வைப்பதில்லை. காரணம் தெரியாத வீடுகளுக்கு, நின்றுபோனதற்கு ஏதுவாக இருக்கக்கூடியதை நீக்கும் சலுகையைத் தருகிறேன். பிள்ளைகள் விடுதிக்குப் போன வீட்டில் 5 லிட்டர் தீராமல் கிடந்து பழசாகும் என்பதால், 1 லிட்டராகவும் தருவதாகச் சொல்கிறேன். ருசி பார்க்க அரை லிட்டர் அனுப்பினால் எண்ணெயும் பாட்டிலும் சேர்த்து எனக்கு ஏறத்தாழ 150 ரூபாய் ஆகிறது. இது 400 ரூபாயைவிடக் குறைவு, எண்ணெயின் விலையையும் தொடுவதில்லை. அதையும் கேட்பவர்களுக்கு மட்டுமே அனுப்புகிறேன். கேட்காமல் கொண்டுபோய்க் கொடுத்தால், வாங்கியே ஆக வேண்டும் என்ற கூச்சம் அவர்களுக்கு வந்துவிடும்.

இப்போது நான் அனுப்பும் செய்தி இது:

“வணக்கம் அம்மா. ஈரோடு மரச்செக்கு எண்ணெய்க் கடையிலிருந்து எழுதுகிறோம். ஏப்ரலில் உங்கள் வீட்டுக்குக் கடலை எண்ணெய் அனுப்பினோம், அதன்பின் நாங்களும் விசாரிக்கவில்லை. எண்ணெயிலோ கொண்டுவந்து கொடுத்ததிலோ குறை இருந்திருந்தால் சொல்லுங்கள், சரிசெய்து தருகிறோம். 5 லிட்டர் அதிகம் என்றால் இப்போது 1 லிட்டராகவும் கிடைக்கும். இந்த முறை ஆட்டியதை ருசி பார்க்க விரும்பினால் அரை லிட்டர் அனுப்புகிறோம், அதற்குப் பணம் வேண்டாம். இப்போது தேவை இல்லையென்றால் பதில் எழுத வேண்டியதில்லை. இனிச் செய்தியே வேண்டாம் என்றால் ‘வேண்டாம்’ என்ற ஒரு சொல் போதும்.”

கெடு வைப்பது

வேண்டாம்.

எல்லோருக்கும் ஒரே வீச்சில் அனுப்புவது

வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் பட்டியல் வழியாக அனுப்பும் செய்தி, நம் எண்ணைத் தம் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். விலகிப் போனவர்களில் பலர் அந்த எண்ணை அழித்திருப்பார்கள். ஆகவே, யாருக்காக எழுதினோமோ அவர்களுக்கே அது கிடைக்காமல் போகிறது. தனித்தனியாக அனுப்புங்கள். நாளுக்கு ஐந்து வீடு என்று வைத்துக்கொண்டால், வரும் பதில்களுக்கும் அன்றைக்கே பதில் சொல்ல முடியும்.

பதில் வராதபோது மீண்டும் எழுதுவது

“பதில் எழுத வேண்டியதில்லை” என்று சொல்லிவிட்டு, பத்து நாளில் “பார்த்தீர்களா?” என்று கேட்டால் முதல் செய்தி பொய்யாகிவிடுகிறது. ஒரே செய்தி, அதன்பின் ஆர்டர் புத்தகத்தில் அந்தப் பெயருக்கு எதிரே தேதியைக் குறித்துவைத்து நிறுத்திக்கொள்கிறேன். அந்த ஆசிரியை வீட்டுக்கு நானே போய் மன்னிப்புக் கேட்டு, டின்னுக்கான பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மாற்று டின் வேண்டாம் என்று மரியாதையாக மறுத்துவிட்டார். அவர் திரும்ப வாங்கவில்லை, நானும் அதன்பின் அவருக்கு எழுதவில்லை.