சுங்குடி ஸ்டாக் தீர்ந்தால் பக்கத்தை அழிக்காதீர்கள்

கைமுடிச்சு சுங்குடிச் சேலையில் ஸ்டாக் தீர்ந்துபோவது அன்றாட விஷயம். ஒவ்வொரு புள்ளியையும் நூலால் இறுக்கி முடிந்து, சாயத்தில் தோய்த்து, உலர்த்தி, முடிச்சவிழ்த்து வர நாள் பிடிக்கும். ஐந்து நிறத்தில் ஒன்று எப்போதும் காலியாகத்தான் இருக்கும். சாயப்பட்டறை ஒரு நிறத்தையே நிறுத்திவிடுவதும் உண்டு. ஆன்லைனில் விற்பவர்கள் இந்த இரண்டு நிலைமையிலும் அவசரப்பட்டு ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தி, வருடக்கணக்கில் சேர்ந்த ரிவ்யூக்களை இழக்கிறார்கள்.

அமேசானில் ரிவ்யூ எதில் ஒட்டியிருக்கிறது என்று தெரிந்தால் பாதி குழப்பம் தீரும். உங்கள் சரக்குக்கு நீங்கள் வைக்கும் எண் SKU. பொருளின் பக்கத்துக்கு அமேசான் வைக்கும் எண் ASIN. ரிவ்யூ ASIN-ல்தான் நிற்கும். ஸ்டாக் முடிந்ததும் `Delete product and listing` கொடுத்தால், உங்கள் SKU-வுக்கும் அந்தப் பக்கத்துக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். ரிவ்யூ அந்த நிமிடமே மறைந்துவிடாது. சிக்கல் அடுத்த லாட் வந்த பிறகுதான் தெரியும். பழைய பக்கம் பட்டியலில் காணவில்லை என்று பார்த்து, அதே சேலையைப் புதிதாக ஏற்றுவார்கள். சுங்குடி விற்பவர்களில் பலர் பார்கோடு இல்லாமல், அதற்கு அமேசானிடம் விலக்கு வாங்கி விற்பவர்கள். பழைய பக்கத்தோடு பொருத்திப் பார்க்க பார்கோடு இல்லாததால் புது ASIN உருவாகிவிடும். அதில் ரிவ்யூ பூஜ்யம்.

சில வாரத்தில் சரக்கு வரும் என்றால் அளவை 0 ஆக்கினால் போதும். திரும்ப வரும் தேதி தெரிந்தால் அதற்கான கட்டத்தில் போடுங்கள். எப்போது வரும் என்றே தெரியவில்லை என்றால் `Manage All Inventory`-ல் அந்த வரிசையில் `Close listing`. சரக்கு வந்ததும் அங்கேயே மறுபடி திறந்துகொள்ளலாம். விற்பனை நின்ற நாட்களில் தேடலில் பின்னுக்குப் போவதை எந்த வழியிலும் தடுக்க முடியாது, ஆனால் ரிவ்யூ அப்படியே இருக்கும். சரக்கு அமேசான் கிடங்கில் இருந்தால் மட்டும் கவனம்: ஒரு பீஸ் மிச்சம் இருக்கும்போது மூடினாலும் அது விற்க முடியாத சரக்காக அங்கேயே சிக்கிக் கிடக்கும்.

ஏற்கெனவே அழித்துவிட்டீர்களா? புதுப் பக்கம் போடுவதற்கு முன், பழைய ஆர்டர் விவரத்தில் இருக்கும் ASIN-ஐ எடுத்து `Add Products` தேடலில் போட்டுப் பாருங்கள். பக்கம் இன்னும் இருந்தால் அதன்மேலேயே உங்கள் விலையையும் அளவையும் ஏற்றலாம். இதற்காகவே SKU, ASIN, தலைப்பு, படங்கள் எல்லாவற்றையும் ஒரு ஷீட்டில் வைத்திருப்பது நல்லது.

அழிக்கவும் மனமில்லை, மூடவும் மனமில்லை என்பவர்கள் வேறொரு தவறு செய்வார்கள். கையில் சேலை இல்லாமலே '1' என்று விட்டுவைப்பது. மதுரை விளக்குத்தூண் பக்கம் கடையும் வைத்து, ஆன்லைனிலும் விற்பவர்களுக்குச் சித்திரைத் திருவிழா நேரத்தில் இது தெரியாமலேயே நடக்கும்: கவுண்டரில் கடைசி பீஸ் போய்விடும், ஆன்லைனில் ஆர்டர் விழும். விற்பவர் ரத்து செய்யும் ஆர்டர் ஏழு நாள் கணக்கில் 2.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அமேசான் விதி. வாரம் 40 ஆர்டர் வரும் கடையில் ஒன்றை ரத்து செய்தாலே எல்லையைத் தொட்டாயிற்று. அது ஒரு பக்கத்தோடு நிற்காமல் கணக்கையே பாதிக்கும். கடையும் ஆன்லைனும் ஒரே அலமாரியில் இருந்து எடுத்தால், ஆன்லைனில் உண்மையான அளவுக்கு ஒன்று குறைத்தே காட்டுங்கள்.

அடுத்தது நிறுத்தப்பட்ட நிறம். கைமுடிச்சு, பருத்தி, 5.5 மீட்டர் என்று ஒரு தாய்ப் பக்கம். அதன் கீழ் மெரூன், மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள், கருப்பு, பாசிப்பச்சை என ஐந்து நிறம், ஒவ்வொன்றுக்கும் தனி ASIN. மஞ்சளைப் பட்டறை நிறுத்திவிட்டது. மஞ்சளை மட்டும் மூடுங்கள். தாய்ப் பக்கத்தைத் தொட வேண்டாம். பதிலுக்கு அரக்கு நிறம் வருகிறது, துணி, முடிச்சு, நீளம் எல்லாம் அதேதான் என்றால், அதே தாயின் கீழ் ஆறாவது நிறமாகச் சேர்ப்பதுதான் முறை. மஞ்சளின் பக்கத்தையே திறந்து படத்தையும் நிறத்தையும் அரக்காக மாற்றாதீர்கள். மஞ்சள் சேலைப் படம் போட்ட ரிவ்யூ அரக்குச் சேலைக்குக் கீழே நிற்கும்; வாங்கியவர் எது வருமென்று தெரியாமல் திருப்பி அனுப்புவார்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதன் நீட்சிதான். கைமுடிச்சு கிடைக்கவில்லை, பிரிண்ட் போட்ட சுங்குடி எளிதாகக் கிடைக்கிறது. நல்ல ரிவ்யூ சேர்ந்த கைமுடிச்சுப் பக்கத்தில் பிரிண்ட் சேலையை ஏற்றிவிட்டால் விற்றுவிடும் என்ற ஆசை. கொஞ்ச நாள் விற்கும்தான். மேலே ரிவ்யூவில் 'முடிச்சவிழ்த்த சுருக்கம் அப்படியே இருக்கு' என்று ஒருவர் எழுதியிருப்பார். வாங்கியவர் கையில் வழவழப்பான பிரிண்ட். ஒற்றை நட்சத்திரம் பழைய பக்கத்தின் மேலேயே விழும். ஒரு பொருளின் ரிவ்யூவை இன்னொன்றுக்குப் பயன்படுத்துவது அமேசான் விதிக்கும் விரோதம். கண்டுபிடித்தால் பக்கத்தை முடக்கலாம். அமெரிக்காவில் 2023-ல், வேறு வேறு சத்து மாத்திரைகளை ஒரே பக்கத்தில் சேர்த்து ரிவ்யூவைப் பகிரவைத்த நிறுவனம் ஒன்று 6 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது.

எது அதே பொருள், எது வேறு பொருள் என்று சந்தேகம் வந்தால், பழைய ரிவ்யூ ஒவ்வொன்றையும் புதுச் சேலையைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள். பொய்யாகிப் போகும் வரி இருந்தால் அது வேறு பொருள். பார்டர் அகலம் சிறிது மாறியது அதே பக்கத்தில் நிற்கலாம். பிளவுஸ் துணி சேர்ந்து நீளம் கூடியது, பருத்தி போய்க் கலப்பு நூல் வந்தது, முடிச்சு போய் பிரிண்ட் வந்தது, எல்லாம் புதுப் பக்கம். ஏற்கெனவே பிரிண்ட்டுக்கு மாற்றிவிட்டிருந்தால் தலைப்பையும் படத்தையும் பழையபடி திருத்தி, பக்கத்தை மூடி, பிரிண்ட்டுக்குத் தனி ASIN போடுங்கள்.

சொந்த இணையதளத்தில் விற்பவர்களுக்குக் கதை வேறு, ஏனென்றால் அங்கே ரிவ்யூ உண்மையிலேயே அழியும். WooCommerce-ல் ரிவ்யூ என்பது பொருள் பக்கத்தின் கீழ் வரும் கமென்ட்தான். பக்கத்தை `Trash`-க்கு அனுப்பினால், வழக்கமான அமைப்பில் 30 நாளில் ரிவ்யூவோடு நிரந்தரமாக நீங்கிவிடும். அதற்குள் என்றால் `Restore` கொடுத்து மீட்கலாம். நிறுத்திய சேலையின் பக்கத்தை வெளியிட்ட நிலையிலேயே வைத்து, `Catalog visibility`-ஐ `Hidden` ஆக்கி, ஸ்டாக்கை `Out of stock` என்று மாற்றுங்கள். கடைப் பட்டியலில் வராது, பழைய இணைப்பில் வருபவருக்குத் திறக்கும். மேலே 'இந்த நிறம் இனி வராது, அரக்கு இங்கே' என்று ஒரு வரியும் இணைப்பும் போதும். கூகுளுக்குச் சொல்ல, பக்கத்தின் schema தரவுக் குறிப்பில், `offers` பகுதிக்குள் இது:

```
"availability": "https://schema.org/Discontinued"
```

Shopify-யில் பொருளை `Archived` ஆக்கினால் பக்கம் 404 ஆகிவிடும் என்பதை மறக்க வேண்டாம். அப்படி நீங்கிய பக்கங்கள் எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவது பலர் செய்வது. சம்பந்தமில்லாத இடத்துக்குத் திருப்பினால் கூகுள் அதையும் இல்லாத பக்கமாகவே கருதக்கூடும். 301 திருப்பம் கொடுப்பதென்றால் அதே வகைச் சேலைக்குக் கொடுங்கள். அப்போதும் இணைப்பின் மதிப்புதான் போகும், ரிவ்யூ கூடவே போகாது.