வாக்-இன் அறிவிப்பில் நாம் விட்டுவிடும் வரிகள்

காலை ஆறரை மணிக்கு கேட் வாசலில் ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். கையில் பிளாஸ்டிக் உறையில் சான்றிதழ்கள். செக்யூரிட்டி என்னைக் கூப்பிட்டு, "சார், இன்டர்வியூவுக்கு வந்திருக்கிறாராம்" என்றார். அன்றைக்கு எங்களிடம் இன்டர்வியூ எதுவும் இல்லை. அவன் போனை நீட்டினான். நாங்கள் போட்ட அறிவிப்புதான், ஆனால் முந்தைய ஆண்டுடையது. "மார்ச் 12 முதல் 14 வரை" என்று இருந்தது. ஆண்டும் இல்லை, கிழமையும் இல்லை. முந்தைய நாள் இரவு பஸ் ஏறி திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்திருந்தான். அவன் மேல் ஒரு பிழையும் இல்லை. அந்த வரியை எழுதியவன் நான்.

ஒரகடம் வட்டாரத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலையில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். வாக்-இன் வைக்கும்போதெல்லாம் இன்ஸ்டாகிராமில் போடும் அறிவிப்புப் படத்துக்குக் கீழே வரும் குறிப்பை எழுதுவது என் வேலை. அந்த மார்ச் மாதம் நான் எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது:

"உடனடி வேலைவாய்ப்பு! முன்னணி நிறுவனத்தில் நேர்முகத் தேர்வு. ஆபரேட்டர், டெக்னீஷியன், குவாலிட்டி. 12ஆம் வகுப்பு, ஐடிஐ, டிப்ளமோ. சம்பளம் 18,000 வரை. உணவு, பஸ் வசதி உண்டு. மார்ச் 12 முதல் 14 வரை. அனைத்து ஒரிஜினல் சான்றிதழ்களுடன் வரவும். இடம்: ஒரகடம் சிப்காட். நண்பர்களுக்குப் பகிரவும்."

எங்கும் காணக்கூடிய குறிப்புதான். இதை வைத்துக்கொண்டே தவறுகளைப் பார்க்கலாம்.

தேதியிலிருந்து தொடங்குகிறேன். இந்த அறிவிப்புகள் நாம் போட்ட இடத்தில் தங்குவதில்லை. யாரோ படத்தை மட்டும் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள், குறிப்பு கழன்றுவிடுகிறது. இன்னொருவர் குறிப்பை மட்டும் நகலெடுக்கிறார், படம் போய்விடுகிறது. அதனால் தேதி இரண்டிலும் இருக்க வேண்டும், முழுதாக இருக்க வேண்டும்: "12.03.2026, வியாழன்". கிழமை அலங்காரத்துக்கு அல்ல. ஆண்டு தவறிப் போனாலும் கிழமை காட்டிக்கொடுத்துவிடும். 2025 மார்ச் 12 புதன்கிழமை, 2026இல் அதே தேதி வியாழன். கிழமையைக் காலண்டரைப் பார்த்து எழுதுங்கள். பழைய குறிப்பை நகலெடுத்துத் தேதியை மட்டும் மாற்றும்போதுதான் கிழமை தவறாகிவிடும். நேரத்திலும் "காலை 9 மணி" என்பதோடு நிறுத்தக் கூடாது. எத்தனை மணி வரை ஆட்களை உள்ளே விடுவீர்கள் என்பதுதான் தூரத்திலிருந்து வருபவருக்குத் தேவை.

இரண்டாவது, பதவியும் தகுதியும். மூன்று பதவிகளை ஒரு வரியிலும் மூன்று தகுதிகளை அடுத்த வரியிலும் அடுக்கினால் எது எதற்கு என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்? அந்த முறை பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் டெக்னீஷியன் வரிசையில் நின்றார்கள். எங்களுக்கு வேண்டியிருந்தது எலக்ட்ரீஷியன் அல்லது பிட்டர் படித்தவர்கள். மதியம் வரை வரிசையில் நிற்கவைத்துவிட்டு ஒரே நிமிடத்தில் திருப்பி அனுப்பினோம். ஒரு பதவி, அதற்கு எதிரே அதன் தகுதி, அதன் எண்ணிக்கை என்று ஒரே வரியில் வந்தால் இந்தக் குழப்பம் வராது.

"ஐடிஐ" என்பதும் போதாது. எந்த டிரேடு என்று சொல்ல வேண்டும். டிப்ளமோ என்றால் அரியர் இருப்பவர்கள் வரலாமா, கடைசி செமஸ்டர் முடிவு வராதவர்கள் வரலாமா என்பதற்கு ஒரு பதில் வேண்டும். போனில் எங்களிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி அதுதான். வேலையின் தன்மையும் ஒரு சொல்லிலாவது வரட்டும். அசெம்பிளி லைனில் ஷிப்டு முழுவதும் நின்றபடி வேலை என்றால் எழுதிவிடுங்கள். ஒயரிங் வேலையில் நிறம் பிரித்துப் பார்க்க வேண்டும், அதற்குக் கண் பரிசோதனை உண்டு என்றால் அதையும் எழுதுங்கள். தேர்வாகி, மருத்துவப் பரிசோதனையில் நிறக்குருடு என்று தெரிந்து ஒருவர் திரும்பிப் போவதைப் பார்ப்பது நமக்கும் கஷ்டம்.

எழுதக் கூடாத தகுதிகளும் உண்டு. "மணமாகாத பெண்கள் மட்டும்" என்ற வரியைச் சில அறிவிப்புகளில் இன்றும் பார்க்கிறேன். 2024 ஜூனில், ஸ்ரீபெரும்புதூர் அருகே ஓர் ஆலை மணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் ஒதுக்குகிறது என்று செய்தி வெளியானபோது, ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கேட்டது. ஆள் சேர்ப்பில் பெண்களுக்குப் பாகுபாடு காட்டக் கூடாது என்பது 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்திலேயே எழுதப்பட்ட விதி. வயதைப் பொறுத்தவரை 18 நிறைந்திருக்க வேண்டும் என்று எழுதுவதில் சிக்கல் இல்லை.

அடுத்தது சம்பளம். மனம் கசந்து போகிறவர்கள் இதில்தான் அதிகம். மேலே நான் எழுதிய 18,000 பொய்யான தொகை அல்ல. ஆனால் கைக்கு வரும் தொகையும் அல்ல. ஒருவரின் மாதச் சம்பளம் 15,000 ரூபாய், அது முழுவதும் பிஎஃப் கணக்கிடும் ஊதியம் என்று வைத்துக்கொள்வோம். அவர் பங்காக 12 சதவீதம், 1,800 ரூபாய் பிடிக்கப்படும். இஎஸ்ஐக்கு 0.75 சதவீதம், அதாவது 113 ரூபாய். கையில் வருவது 13,087. நிறுவனம் தன் பங்காக பிஎஃபுக்கு 1,800, இஎஸ்ஐக்கு 3.25 சதவீதமாக 488 கட்டுகிறது. இதைச் சேர்த்தால் 17,288. போனஸ், சீருடைச் செலவு என்று இன்னும் கொஞ்சம் சேர்த்து 18,000 ஆக்கி அறிவிப்பில் போட்டுவிடுகிறோம். கேன்டீனுக்கும் பஸ்ஸுக்கும் பிடித்தம் இருந்தால் 13,087 இன்னும் இறங்கும். முதல் மாதச் சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் உங்கள் மேசைக்கு வருவார். அவரிடம் செலவுக் கணக்கை விளக்குவதைவிட, "பிடித்தம் போகக் கையில் சுமார் 13,000" என்று முன்பே எழுதுவது எளிது. "வரை" என்ற சொல்லும் வேண்டாம். அந்த உச்சத் தொகையை ஓவர்டைம் பார்க்கும் நாலு பேர்தான் தொடுவார்கள்.

இதே இடத்தில் சொல்ல வேண்டியது, யாருடைய சம்பளப் பட்டியலில் சேர்க்கிறீர்கள் என்பது. நிறுவனத்தின் நேரடி ஊழியரா, ஒப்பந்ததாரர் வழியாகவா, அப்ரண்டிஸா? 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி எடுக்கப்படுபவர் பயிற்சி பெறுபவர். சட்டத்தின் கண்ணில் அவர் தொழிலாளி அல்ல. அவருக்குக் கிடைப்பது உதவித்தொகை. பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை தந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் நிறுவனத்துக்கு இல்லை. இதை மறைத்து "டிரெய்னி" என்று பொதுவாக எழுதினால் பாதிப் பேர் நிரந்தர வேலை என்று நம்பி வருவார்கள். அப்ரண்டிஸ் என்றால் அப்ரண்டிஸ் என்றே எழுதி, பயிற்சி எத்தனை மாதம் என்பதையும் பக்கத்தில் போடுங்கள்.

ஆவணங்கள் விஷயத்தில் நான் செய்த தவறு, இன்டர்வியூ நாளுக்கு வேண்டியதையும் சேரும் நாளுக்கு வேண்டியதையும் ஒன்றாகக் கேட்டது. "அனைத்து ஒரிஜினல்" என்றால் என்ன பொருள்? பலருடைய டிசி கல்லூரியில் இருக்கும். சிலருடைய சான்றிதழை முன்பு வேலை பார்த்த இடத்தில் வாங்கி வைத்திருப்பார்கள். "ஒரிஜினல் இல்லை, அதனால் வரவில்லை" என்று பின்னால் சொன்னவர்களில் நல்ல பிட்டர்கள் இருந்தார்கள். முதல் நாள் நமக்குத் தேவை, ஆள் யார், என்ன படித்தார் என்பது மட்டும்தான். ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், ஐடிஐ அல்லது டிப்ளமோ சான்றிதழ் போதும். முன் அனுபவம் இருந்தால் அதன் கடிதம். ஒரிஜினலைப் பார்த்துவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுப்போம், நகல் ஒரு செட் மட்டும் வாங்குவோம் என்று குறிப்பிலேயே எழுதுங்கள். ஒரிஜினலைப் பிடித்து வைத்துக்கொள்வார்களோ என்ற பயம் இந்த வட்டாரத்தில் காரணமில்லாமல் வந்ததல்ல.

வங்கிப் பாஸ்புக், பான் அட்டை, யுஏஎன் எண், ஆதாரோடு இணைந்த கைபேசி எல்லாம் தேர்வானவர் சேர வரும்போது வேண்டியவை. அவற்றில் ஒன்றை மட்டும் முன்கூட்டியே எச்சரிக்கலாம்: பெயர். மதிப்பெண் சான்றிதழில் இனிஷியல் ஓர் எழுத்தாக இருக்கும். ஆதாரில் அப்பாவின் பெயர் முழுதாக விரிந்திருக்கும். பிறந்த தேதியும் சிலருக்கு மாறியிருக்கும். பிஎஃப் கணக்கு ஆதாரை வைத்தே தொடங்குவதால், திருத்த வேண்டியது இருந்தால் சேருவதற்கு முன்பே திருத்திக்கொள்வது நல்லது.

கடைசியாக இடம். ஒரகடம் சிப்காட் என்பது ஒரு தெரு அல்ல. பஸ்ஸிலிருந்து எந்த நிறுத்தத்தில் இறங்கி, எந்தப் பக்கம், எந்த கேட் என்று எழுதாவிட்டால் ஆள் வெயிலில் அலைவார். "முன்னணி நிறுவனம்" என்று பெயரை மறைப்பதும் வேண்டாம். பெயரில்லாத அறிவிப்பும் யாரோ ஒருவரின் கைபேசி எண்ணும் சேர்ந்தால், பணம் பறிக்கும் போலி ஏஜெண்டுகளின் அறிவிப்புக்கும் நம்முடையதற்கும் வித்தியாசம் தெரியாது.

மேலே உள்ள குறிப்பை இப்போது எழுதினால் இப்படி எழுதுவேன். நிறுவனத்தின் பெயர் முதல் வரியிலேயே வரும். இன்ஸ்டாகிராமில் முதல் ஓரிரு வரிகள்தான் விரிக்காமலே தெரியும். அந்த இடத்தை "உடனடி வேலைவாய்ப்பு" வீணாக்கக் கூடாது.

"(நிறுவனத்தின் பெயர்), ஒரகடம்: நேரடி இன்டர்வியூ, 12.03.2026 வியாழன் முதல் 14.03.2026 சனி வரை. காலை 9 முதல் மதியம் 1 மணிக்குள் வருபவர்களுக்கு மட்டும்.

அசெம்பிளி ஆபரேட்டர், 40 பேர்: 12ஆம் வகுப்பு தேர்ச்சி. நின்றபடி வேலை, மூன்று ஷிப்டு.
பராமரிப்பு டெக்னீஷியன், 6 பேர்: ஐடிஐ எலக்ட்ரீஷியன் அல்லது பிட்டர். நிறப்பார்வைப் பரிசோதனை உண்டு.
குவாலிட்டி இன்ஸ்பெக்டர், 4 பேர்: டிப்ளமோ மெக்கானிக்கல், அரியர் இல்லாதவர்கள்.

வயது 18 நிறைந்த ஆண்கள், பெண்கள் இருபாலரும் வரலாம். மூன்று பதவிகளும் நிறுவனத்தின் நேரடி வேலை. ஆபரேட்டருக்கு மாதம் 15,000. பிஎஃப், இஎஸ்ஐ போகக் கையில் சுமார் 13,000. மற்ற இரண்டுக்கும் சம்பளம் இன்டர்வியூவில் சொல்லப்படும்.

கொண்டுவர வேண்டியவை: ஆதார், 10ஆம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், பதவிக்குரிய படிப்புச் சான்றிதழ், இவற்றின் நகல் ஒரு செட். ஒரிஜினல் பார்த்ததும் திருப்பித் தரப்படும். எந்தக் கட்டணமும் இல்லை, ஏஜெண்டும் இல்லை."

இதற்குக் கீழே பஸ் நிறுத்தம், கேட் எண், அலுவலகத் தொலைபேசி எண். டெக்னீஷியன் சம்பளத்தை இதிலும் நான் எழுதவில்லை. அனுபவத்தைப் பொறுத்து மாறும் என்று மேலாளர் விடவில்லை. அந்த ஒரு வரிக்காக இப்போதும் ஒரு நாளைக்குப் பத்து போன் வருகிறது.

மூன்றாம் நாள் மதியம் இன்டர்வியூ முடிந்ததும் பதிவின் முதல் வரியைத் திருத்தி "முடிந்தது, 14.03.2026" என்று போட்டுவிடுகிறேன்.