இலக்கணத் திருத்தியில் எல்லாவற்றுக்கும் 'Accept' அழுத்தாதீர்கள்

காட்பாடியில் இருக்கும் என் அக்கா மகள் பாலாற்றைப் பற்றித் தானே ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரையை, ஏஐ எழுதியது என்று டிடெக்டர் காட்டிவிட்டது. காரணம் இலக்கணத் திருத்தி. 'ஆறா இது, பசங்க கிரிக்கெட் ஆடுற கிரவுண்டு' என்கிற மாதிரி இருந்த வரியை அது 'ஆறு பெரும்பாலும் வறண்டே காணப்படுகிறது' என்று மாற்ற, இவளும் வரிசையாக 'Accept' அழுத்தியிருக்கிறாள். யார் எழுதினார்கள் என்பது டிடெக்டருக்கு எங்கே தெரியும்? அடுத்த சொல்லை எவ்வளவு சுலபமாக ஊகிக்க முடிகிறது, வாக்கிய நீளம் ஏறி இறங்குகிறதா என்றுதான் பல டிடெக்டர்கள் கணக்குப் போடுகின்றன. திருத்தி தேய்த்து மழுங்கடிப்பதும் அதே இரண்டைத்தான். அதனால் எழுத்துப்பிழையை மட்டும் திருத்த விடுங்கள், வாக்கியத்தையே மாற்றச் சொன்னால் வேண்டாம். அப்புறம், கூகுள் டாக்ஸில், கட்டுரை எழுதி வளர்ந்த விதத்தை நேரத்தோடு பதிந்து வைக்கும் 'Version history' இருக்கிறதே, இவள் கடைசியில் காட்டித் தப்பித்தது அதைத்தான். வேறெங்கோ எழுதி மொத்தமாகக் கொண்டுவந்து ஒட்டினால் அதிலும் எழுதிய தடம் ஒன்றும் இருக்காது.